நீங்க உக்காரு

அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கம் ஒன்றில், அங்கே பிறந்த குழந்தைகளிடம் தமிழ் நிலைப்பது எப்படி என்று பேச அழைத்திருந்தார்கள். அம்பத்தூர் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, திரையில் தெரிந்த முகங்களை எண்ணினேன். முப்பத்தொரு பெரியவர்கள், இரண்டே குழந்தைகள். யாருக்காக இந்தப் பேச்சு என்று கவலையாகிவிட்டது. ஏழு யோசனைகள் எழுதி வைத்திருந்தேன். முதலாவதிலேயே ஒரு தாய் குறுக்கிட்டார். மகனுக்குத் தமிழ் புரிகிறதாம், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறதாம். திருத்தத் திருத்த வாயே திறப்பதில்லையாம். யோசனைகளை ஒதுக்கிவிட்டு, தங்கை முறையான என் சித்தி மகளைப் பற்றிச் சொன்னேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி இங்கிலாந்திலிருந்து தன் ஏழு வயது மகளோடு கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர்கள் வசித்த ஊரில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னதால் சித்தப்பா மகளிடம் அதையே பேசினார். சித்தியிடமும் அவருக்கு அதுவே பழகிவிட்டது. தங்கையின் தமிழ் முழுவதும் சித்தி ஒருவரே கொடுத்தது. வா, சாப்பிடு, கையைக் கழுவு, தூங்கு.

மறுநாள் பூந்தமல்லியிலிருந்து பெரியப்பா வந்தார். வெயிலில் வேர்த்து வந்தவரைப் பார்த்ததும் தங்கை தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பெரியப்பா, நீ உக்காரு. சாப்ட்டியா நீ?"

பெரியப்பா உட்காரவில்லை. பெரியவர்களை இப்படித்தான் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாயா என்று சித்தியைக் கேட்டார். கிண்டல் செய்ய என் அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

"இன்னாம்மே, பெரியப்பா உன் கூட்டாளியா?"

எல்லோரும் சிரித்தோம். 'நீங்க' என்று சொல்லும்படி அவளை நடுவில் நிறுத்தினார்கள். அவளும் முயன்றாள்.

"நீங்க உக்காரு."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. சித்தி அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "அதுகிட்ட தமிழ் பேசறது நான் ஒருத்திதான்க்கா. நான் அதை நீன்னுதானே கூப்பிடுவேன்? 'நீங்க'ன்றதை அது எங்க கேட்டிருக்கும்?"

திரையில் இருந்த தாயிடம் சொன்னேன்: பிழையை விடுங்கள், பையன் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். சரியான சொல் உங்கள் பதிலில் அவன் காதில் விழட்டும். அவன் எதிரில் நீங்களும் உங்கள் கணவரும் தமிழில் பேசிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் அழைப்பதைக் கேட்காத பிள்ளைக்கு மரியாதைச் சொல் எங்கிருந்து வரும்?

நாங்கள் சிரித்த அன்று முழுவதும் தங்கை எங்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். சாயங்காலம் அடுக்களையில் சித்தியிடம் போய், "வாட்டர், மம்மி" என்றாள். காலை வரை அவளுக்கு அது தண்ணிதான், சித்தி அம்மாதான்.

சித்தி தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் குடித்துவிட்டுப் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். கேட்டாள், கொடுத்தாயிற்று, குடித்தும் விட்டாள். இதில் அழ என்ன இருக்கிறது என்று நினைத்தேன். திரும்பிப் போகிற ஊரில் சித்திக்குத் தமிழில் பேச இருந்த ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.