அண்ணி கடையின் தேடல் பெட்டி

குருண் என்ற சிற்றூரில் என் அண்ணி சாமிப் பொருள் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில் ‘இல்லை’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. சரக்கு தீர்ந்திருந்தால் ‘வரும்’ என்பார், கேள்விப்படாத பொருளைக் கேட்டால் ‘வரவழைச்சுத் தரேன்’ என்பார். வியாபாரம் நடக்கிற இடத்தில் அப்படிச் சொன்னால் லட்சுமி போய்விடுவாளாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் அவருக்கு நான் செய்து கொடுத்த இணையதளத்தில், தேடியது கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று பட்டென்று எழுதி வைத்திருந்தேன்.

வினை அங்கேதான் வந்தது. பாடாங் செராயிலிருந்து வழக்கமாக வாங்கும் அம்மா ஒருவர் மாவிளக்குத் தட்டு தேடினாராம். ‘இல்லை’ என்று வந்ததும் வேறு கடையில் வாங்கிக்கொண்டு, அண்ணிக்குப் போன் செய்து வருத்தப்பட்டிருக்கிறார்.

“என் கடையில இல்லன்னு சொன்னது யாரு?” என்று அண்ணி கேட்டார். “இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி அத மூடிரு.” அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அண்ணன் இறந்த பின் எனக்கென்று இருக்கிற ஒரே வீடு அண்ணி வீடுதான். அங்கே யாரும் முகம் கொடுக்காதபோது எனக்கு வேலையே ஓடவில்லை.

எங்கே தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. நான் ‘தட்டு’ என்று தேடினால் வருகிறது. ‘மாவிளக்கு’ என்றாலும் வருகிறது. பொருள் விவரமெல்லாம் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில், ஒரே கோப்பில் இருக்கிறது. முழு உரைத் தேடலும் அதற்குள்ளேயே உண்டு. வழக்கமான அமைப்பில் விட்டால் அது தமிழ்ச் சொல்லைக் கால், கொம்பு, புள்ளி வருகிற இடத்திலெல்லாம் உடைத்துவிடும். அந்தக் குறிகளையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்படி முதலிலேயே மாற்றியிருந்தேன். சந்தேகத்துக்குத் தேடல் அட்டவணையை அழித்துத் திரும்பக் கட்டினேன். அதிலும் குறை தெரியவில்லை.

அலோர் ஸ்டாரில் இருக்கும் நண்பனைக் கேட்டேன். “தனியா தேடல் செர்வர் மூணு போடு, பிரச்சனை செட்டல் லா” என்றான். நாங்கள் வாடகைக்கு வைத்திருப்பது நினைவகம் குறைந்த ஒரே ஒரு சின்ன செர்வர். நானூறு சொச்சம் பொருளுக்கு மூன்று செர்வர் என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. இருந்தாலும் குழப்பத்தில் அதையும் விலை விசாரித்தேன்.

சனிக்கிழமை அந்த அம்மாவே கற்பூரம் வாங்க வந்தார். அன்றைக்குத் தேடியது போலவே இப்போதும் தேடிக் காட்டும்படி கேட்டேன். போனை எடுத்தார், தேடல் பெட்டியைத் தொட்டார், விசைப்பலகையில் இருந்த ஒலிவாங்கியை அமுக்கினார்.

“அக்கா, மாவிளக்கு தட்டு பெருசா இருக்கா?”

கல்லாவில் இருந்த அண்ணி பழக்கத்தில் “இருக்கும்மா” என்று பதில் சொல்லிவிட்டார். போன் ‘இல்லை’ என்றது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கேட்ட சொற்கள் அத்தனையும் ஒரே பொருளின் விவரத்தில் இருந்தால்தான் என் தேடல் காட்டும். எந்தத் தட்டின் விவரத்தில் ‘அக்கா’ இருக்கும்? நான் சோதித்ததெல்லாம் ஒற்றைச் சொல். கடைக்கு வருகிறவர்கள் ஒற்றைச் சொல்லில் பேசுவார்களா?

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மேற்கோள் குறிக்குள் வைத்து, நடுவில் ‘அல்லது’ போட்டேன். இனி ஏதாவது ஒரு சொல் பொருந்தினாலே போதும். எங்கும் இல்லாத ‘அக்கா’வும் ‘இருக்கா’வும் கெடுதல் செய்யாது. அபூர்வமான சொல் பொருந்துகிற பொருளுக்கு அதிக மதிப்பெண் கிடைத்து அது மேலே வரும். அந்த அம்மா மறுபடி கேட்டார். மாவிளக்குத் தட்டு முதலில் நின்றது, மற்றத் தட்டுகள் கீழே வரிசையாக வந்தன. புது செர்வர் எதுவும் தேவைப்படவில்லை. ‘இல்லை’ இருந்த இடத்தில் ‘இன்னும் வரவில்லை, வரவழைத்துத் தருகிறோம்’ என்று எழுதினேன்.

அம்மா போன பிறகும் அண்ணி பேசவில்லை. தன் போனில் ஒரு விரலால் எதையோ வெகுநேரம் தட்டினார். பிறகு போனை மேசைமேல் என் பக்கம் தள்ளிவிட்டு, ஊதுபத்திக் கட்டுகளை அடுக்கத் திரும்பிக்கொண்டார்.

தேடல் பெட்டியில் ‘தம்பி சாப்பிட்டியா’ என்று இருந்தது. கீழே ‘இன்னும் வரவில்லை, வரவழைத்துத் தருகிறோம்’ என்றிருந்தது.

பெட்டியைச் சோதிக்கிறாரா, என்னைக் கேட்கிறாரா? சட்டென்று விளங்கவில்லை.

“இல்ல அண்ணி” என்றேன்.

“இந்தக் கடையில அந்த வார்த்தைய சொல்லாதன்னு எத்தன தடவ சொல்றது?” என்று திட்டிக்கொண்டே, கல்லாவுக்கு அடியிலிருந்து சோற்றுப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.