புது சேனலில் நான் எழுதிய முதல் செய்தி

தொண்ணூறுகளின் கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு சிறிய இணைய நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்தேன். பாறசாலை, காட்டாக்கடை, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களிலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு காலை, எந்த ஊரிலும் ஒரு வாடிக்கையாளர்கூட உள்ளே நுழைய முடியவில்லை. மோடம் கூவும், இணைப்பு கிடைக்கும், கடவுச்சொல்லைக் கொடுத்ததும் அப்படியே நின்றுவிடும். தொலைபேசி ஓயாமல் அடித்தது. கிளைகளை இணைத்த தனிக் கம்பியில் எங்கள் கணினி அரட்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாறசாலைக்காரர் தம் மோடம்களை அணைத்து மறுபடி இயக்கினார். திருவனந்தபுரத்தில் ஒருவர் ஒரு அமைப்பை மாற்ற, அடுத்தவர் அதைத் திருப்பி வைத்தார்.

மேலாளர் ரயிலில் இருந்தார். அன்றைய பொறுப்பு என்னிடம். பக்கத்தில் இருந்த அமரவிளைக்கார நண்பன் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஆளாளுக்கு நோண்டுதானுவ. நீ அரட்டையில புதுசா ஒரு சேனல் திறந்து எழுது மக்கா. போனை நான் பாத்துக்கிடுதேன்."

திறந்தேன். எல்லாரையும் அதற்குள் அழைத்தேன். ஆங்கிலத்தில் தட்டியதன் சாரம் இதுதான்:

"இன்று ஒருங்கிணைப்பது நான். எல்லா ஊரிலும் உள்நுழைவு நின்றிருக்கிறது. மோடமும் கம்பியும் நன்றாக இருக்கின்றன. காரணம் இன்னும் தெரியாது. திருவனந்தபுரம், கடவுச்சொல் சரிபார்க்கும் சர்வரை மட்டும் பாருங்கள். பாறசாலை, சோதனைக்கு டயல் செய்யுங்கள். இங்கே சொல்லாமல் யாரும் எதையும் மாற்ற வேண்டாம். நேற்று முதல் நீங்கள் மாற்றியதை எல்லாம் எழுதுங்கள். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. கால் மணி நேரத்தில் அடுத்த தகவல்."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்தேன். தப்பாக எழுதிவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு ஒவ்வொருவராக, செய்ததை எழுத ஆரம்பித்தார்கள். காட்டாக்கடைக்காரர் கடைசியாக எழுதினார். ஒரு புகாரை ஆராய நேற்று சரிபார்க்கும் சர்வரில், நடப்பதை எல்லாம் கோப்பில் எழுதிவைக்கும் விரிவான பதிவை முடுக்கியிருந்தாராம். நிறுத்த மறந்துவிட்டாராம்.

உடனே அந்தச் சர்வரின் வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தது: துளி இடம் இல்லை. பதிவுக் கோப்பு மொத்தத்தையும் விழுங்கியிருந்தது. எழுத இடமில்லாமல் சர்வர் தவித்து நின்றதுதான் விஷயம்.

பதிவை நிறுத்தச் சொன்னேன். கோப்பை வேறு வட்டுக்கு மாற்றி, சேவையை மறுபடி தொடங்கினார்கள். சோதனைக்கு டயல் செய்து உள்ளே நுழைந்த பாறசாலைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"கேறியாச்சு மக்கா. ரெண்டு தடவை பாத்தேன், ரெண்டும் கேறியாச்சு."

காட்டாக்கடையிலும் சரியானது. எங்கள் மோடம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, நண்பன் எழுந்து நின்று கைதட்டினான். தெரு முனைக் கடையிலிருந்து பருப்பு வடை வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தான்.

மாலையில் மேலாளர் சேனலைத் தொடக்கத்திலிருந்து படித்தார். இனி எந்தக் கோளாறு வந்தாலும் முதல் செய்தி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லாக் கிளைகளுக்கும் எழுதினார். அதற்கு முதலில் "சரி" என்று பதில் போட்டவர் காட்டாக்கடைக்காரர்தான். அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.