பெயருக்குப் பின்னால் வந்து நின்ற சொல்

தாராவியில் ஒரு டிடிபி கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பது என் வேலை. கம்ப்யூட்டரில் தமிழ்99 விசைப்பலகை. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, இங்கிலீஷ் எழுத்தைத் தேடாமல் கை தானாக ஓடும் அந்தப் பலகைதான் வசதி. போனில் மட்டும் தம்பி போட்டுக்கொடுத்த முறை. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் மேலே தமிழ்ச் சொற்கள் வரும், வேண்டியதைத் தொட வேண்டும். அவசர போஸ்டர் என்றால் பஸ்ஸிலேயே அதில் அடித்துக் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

தம்பிக்கு ஆபரேஷன் என்ற அன்று, கடையிலிருந்து அவன் மனைவிக்கு மெசேஜ் அடித்தேன். அவன் பெயரைத் தொட்டதும் அடுத்த சொல்லாக ‘மறைவு’ என்று வந்து நின்றது. அதே பெயர்க்காரர் ஒருவருக்கு முந்தின வாரம்தான் போனில் அஞ்சலி அடித்திருந்தேன். போன் அதைப் பழகிக்கொண்டுவிட்டது. காரணம் தெரிந்தும், அடித்ததை அழித்தேன்.

போனையும் தமிழ்99-க்கு மாற்றி, சொல் காட்டும் வரியை அணைத்தேன். கட்டைவிரலுக்கு எந்த எழுத்து எங்கே என்று தெரியவில்லை. இடம் பார்ப்பதற்காகக் கம்ப்யூட்டரில் தம்பி பெயரை அடித்தேன். விரல்கள் அதோடு நிற்கவில்லை. ‘மறைவு’ என்றும் அடித்து முடித்த பிறகே நின்றன.

பதறிப்போய் அவன் மனைவிக்கு போன் போட்டேன். எடுத்தது தம்பி.

“என்னக்கா, நீ மெசேஜ்தான போடுவ? இன்னும் உள்ள கூட்டிட்டே போவல. சும்மா பயந்து சாவாத” என்று சிரித்தான்.

இடது கையில் போன் இருந்தது. வலது கையைப் பலகையிலிருந்து எடுத்து மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன்.