குழாய் மாற்ற அனுமதி வேண்டி

கீழ் வீட்டிலேயே குடியிருக்கிற ஹவுஸ் ஓனருக்கு மாடியிலிருந்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பிய குடித்தனக்காரி திருமுல்லைவாயிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கணவருக்கு முடக்குவாதம். கால்கள் எப்படியோ தப்பித்துக்கொண்டன, நடப்பார். கைவிரல்கள்தான் போயின. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டிய விரல்கள் இரண்டு கையிலும் மடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கித்தான் தூக்குவார். எங்கள் பாத்ரூமிலோ வீடு கட்டிய காலத்துப் பித்தளைக் குழாய்கள். பலமுறை சுற்றினால்தான் திறக்கும். போர் தண்ணீரின் உப்பு ஏறி அதுவும் இறுகிக் கிடந்தது. ஷவர் என்று ஒன்று மேலே தொங்கியது, அதன் ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாக அடைத்துப் போயிருந்தன. வாளியில் பிடித்துக் குளிக்கலாமென்றால் சொம்பைத் தூக்க முடிய வேண்டுமே.

அதனால் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன். கண்களை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சோப்பு படாமலிருக்க மூடுகிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பிறகு, "இன்னைக்கு வேண்டாம், குளிருது" என்று சொல்லத் தொடங்கினார். சித்திரை மாதத்தில் திருமுல்லைவாயிலில் யாருக்குக் குளிரும்? நாற்றம் வந்தாலும் பரவாயில்லை, பெண்டாட்டி முன்னால் குழந்தை மாதிரி உட்கார மாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் காட்ட முடியாமல் பாத்திரங்கள்மேல் காட்டினேன்.

ஒருநாள் ஹார்டுவேர் கடையில் நீளக் கைப்பிடி வைத்த குழாயைப் பார்த்தேன். திருகவே வேண்டாம், கால்வாசி சுற்று தள்ளினால் தண்ணீர் வரும். என் கையை மடக்கிக்கொண்டு முழங்கையால் தள்ளிப் பார்த்தேன். திறந்தது, மூடியது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதனுடன் சுவரில் மாட்டிவைக்கிற கை ஷவரும் இருந்தது. இவை இரண்டும் இருந்தால் அவரே குளித்துக்கொள்வார். எனக்கு அப்போது உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஓனரிடம் வாயால் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். மறுபடி கேட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்." கல்லில் நார் உரிக்கிற வேலை. கடைசியில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். வீட்டில் எந்த மாற்றம் செய்வதானாலும் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்று இருந்தது. நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவள். எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் வந்தாக வேண்டும் என்று நம்புகிற ஜாதி. 'குளியலறையின் பழைய குழாய்களையும் ஷவரையும் எங்கள் சொந்தச் செலவில் மாற்றிக்கொள்ளத் தங்கள் அனுமதி வேண்டுகிறேன். கழற்றிய பழையவற்றைத் தங்களிடமே ஒப்படைப்போம். வீட்டைக் காலி செய்யும்போது புதியவற்றைக் கழற்றிச் செல்ல மாட்டோம், அதற்காகப் பணமும் கேட்க மாட்டோம்' என்று எழுதினேன். என் கணவரின் கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். கையில் கொடுத்தால் அதற்கும் "பாக்கலாம்" என்பார் என்றுதான் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.

தபால்காரர் வாசலில் நின்று கையெழுத்து வாங்கியதைத் தெருவே பார்த்திருக்கிறது. சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓனர் படிக்கட்டில் நின்றார். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட மண்ணில், இவர் கம்பெனி வேலை பார்த்துச் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு அது.

"இன்னாம்மா, கீய ஊட்லதான கீறேன்? நா இன்னா செத்தா பூட்டேன்? போஸ்ட்ல நோட்டீஸ் வுடற?"

"நோட்டீஸ் இல்லண்ணே, அனுமதிதான் கேட்டிருக்கேன்."

"சொந்தச் செலவுன்னு எய்திக் கீற. எங்க அண்ணன் ஊட்லயும் இப்டித்தான் ஒர்த்தன் சொந்தச் செலவுல தரை போட்டான். அப்பால நான் செலவு பண்ண ஊடு, போ மாட்டேன்னு குந்திகினான். அவன கெளப்புறதுக்குள்ள எங்க அண்ணன் பாதி ஆளாப் பூட்டாரு. இன்னிக்கி பைப்பு, நாளிக்கி ஊடா? வேணாம்மா. அடுத்த மாசம் காலி பண்ணிக்கோ."

எந்த வார்த்தை அவரைக் குளிர வைக்கும் என்று எழுதினேனோ அதுவே அவரை மிரட்டிவிட்டது. கெஞ்சினேன். அந்த நிலைமையில் வேறு வீடு தேடி, மாடி ஏறி இறங்கி, புதிய ஓனரிடம் மறுபடி இதே குழாய்க்காக நிற்கிற தெம்பு எனக்கு இல்லை. "ஒரே ஒரு தடவை மேல வந்து பாருங்கண்ணே" என்றேன்.

வந்தார். குழாயை ஒரு திருகு திருகினார். நல்ல உடம்பு, திறந்துவிட்டது. "நல்லாத்தான கீது?"

"கையை மூடிக்கிட்டுத் திருகுங்க. விரலை நீட்டாம."

முறைத்தார். ஆனால் செய்தார். முஷ்டி வழுக்கியது. இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து வைத்து முயன்றார், மறுபடி வழுக்கியது. "இது இன்னாத்துக்கு?" என்றார்.

என் கணவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "அவரால திருக முடியாதுண்ணே. சொம்பு தூக்க முடியாது. நான்தான் அவரைக் குளிப்பாட்டி விடுறேன். தலை துவட்டுறதுலருந்து எல்லாம் நான்தான்."

தினமும் சாயங்காலம் தெருமுனை டீக்கடையில் அவர் கைகளைக் கட்டி மறைத்துக்கொண்டு நின்று பேசுவது இதே ஓனரிடம்தான், அவரிடம் போய் அதைச் சொன்னேன். என் கணவர் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு குழாய்க்காக அவர் மானத்தை விற்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. விற்காமல் அது கிடைத்திருக்காது என்பதும் தெரிந்தது.

ஓனர் பழைய குழாயை இன்னொரு தடவை முஷ்டியால் தள்ளிப் பார்த்தார். பிறகு அவருடைய வழியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். பணம் நாங்கள் தர வேண்டும், சாமானை அவர்தான் வாங்குவார். பில் அவர் பேரில் இருக்கும். வீட்டைக் காலி செய்ய வேண்டாம், ஆனால் கடிதம் கிடிதம் இனிமேல் கூடாது. "நானே மாத்தித் தந்தேன்னு இருக்கட்டும். அப்பால எவனும் எதுவும் பேச முடியாது."

ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வந்து மொட்டைமாடி வால்வை மூடினார். சுவருக்குள் போவது பழைய இரும்புக் குழாய். அது துருப்பிடித்திருந்து திருகு மரை உடைந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும், கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கும். ஸ்பேனர் அசையும்போதெல்லாம் ஓனர், "மெதுவா நைனா, மெதுவா" என்றார். உடையவில்லை. பிளம்பர் மரையில் வெள்ளை டேப் சுற்றிப் புதியதை ஏற்றினார். பித்தளைக் குழாய்களை ஓனர் பையில் போட்டுக்கொண்டு கீழே போனார். இவ்வளவு நேரமும் என் கணவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அந்தச் சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசவும் இல்லை.

எல்லாரும் போனபிறகு லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டி உள்ளே போய், முழங்கையால் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வழுக்கிவிடுவாரோ என்று கதவருகிலேயே நின்றேன். நேரம் போயிற்று. ஷவர் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது. விம்மி விம்மி, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். நோய் வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை, கல் மாதிரி மனிதர் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நான் இல்லாமல் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த பாத்ரூம். அதற்குள்ளும் நான் தினமும் சொம்போடு நின்றிருந்தேன்.

நான் கதவைத் தட்டவில்லை.