போனது எத்தனை, வந்தது எத்தனை

ஆஸ்பத்திரி லாண்டரியில ஒரு பெட்ஷீட்டை மடிக்க ரெண்டு பேர் வேணும். பதினோரு வருஷமா அந்த முனை அவ கையில, இந்த முனை என் கையில. நான் ஓட்டைவாய். அவ வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்! டிகிரி படிச்சவ. அம்மாவை இதே ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்த்தா. அம்மா போனப்புறம் காலி வீட்டுல உட்காரப் பிடிக்காம இங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டா. புருஷன், பிள்ளை, கூடப்பொறந்ததுன்னு ஒருத்தரும் இல்லை.

நாங்க அவளைக் 'கணக்கு'ன்னுதான் கூப்பிடுவோம். வண்டி தள்ளறவர் "தொண்ணூறு ஷீட் வந்தாச்சு"ன்னு பெருமையா சொல்லுவார். இவ தலையைத் தூக்காம, "வார்டுக்குப் போனது எத்தனை?"ன்னு கேப்பா. மனுஷன் முகம் தொங்கிடும்.

போன வருஷம் ஒரு விளம்பரம் பார்த்தா. ஆறு மாசம் மெடிக்கல் பில்லிங் படிப்பு, நூறு சதவீதம் வேலை உத்தரவாதம். விசாரிக்க ஒரு தடவை போன் பண்ணினா, அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு இன்ஸ்டிட்யூட்ல இருந்து ஒரு பொண்ணு கூப்பிட ஆரம்பிச்சுது. "அக்கா, சாப்பிட்டீங்களா? இருமல் தேவலையா?" நின்னுகிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போடறவ, போனை எதிர்ல வெச்சு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சா. சிரிச்சா! எனக்கு வயிறு எரிஞ்சுது. இத்தனை வருஷம் எதிர்ல நிக்கறேன், என்கிட்ட அப்படி ஒரு நாள் சிரிச்சதில்லை.

வகுப்பு பகல்லதான். சேரணும்னா இந்த வேலையை விடணும், விட்டா திரும்பக் கிடைக்காது. ராஜினாமா கடிதம் எழுதிப் பையில வெச்சுக்கிட்டா. கொடுக்கறதுக்கு முன்னால நேர்ல ஒரு தடவை பார்த்துடலாம்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா.

மேனேஜர் சுவத்துல இருந்த போட்டோக்களைக் காட்டினார். "போன பேட்ச்ல பதினாலு பேருக்கும் வேலைம்மா."

"சேர்ந்தது எத்தனை பேர் சார்?"

"தகுதியான அத்தனை பேருக்கும் வாங்கிக் கொடுத்தோம்மா."

"அதைக் கேக்கலை சார். முதல் நாள் வந்து உட்கார்ந்தது எத்தனை பேர்?"

அவர் மழுப்பிட்டு, வேலையில இருக்கற ரெண்டு பேரோட நம்பரைக் கொடுத்தார். வெளியில வந்ததும், "கிழியாத ஷீட்டா ரெண்டு எடுத்து மேல வெச்சுக் காட்டறார்"ன்னா. ஒப்பந்தத்தாளை அங்கேயே நின்னு படிச்சா. ஒரு நாள் கூடுதலா லீவு எடுத்தாலும், ஒரு தேர்வுல தவறினாலும் தகுதி போச்சு. தகுதி போனவங்க கணக்குலயே வரமாட்டாங்க.

அப்புறம்தான் வேடிக்கை. போன பேட்ச் தொடங்கின அன்னிக்கு எடுத்த போட்டோ இன்ஸ்டிட்யூட்டோட பேஸ்புக் பக்கத்துலயே கிடந்தது. விரலை வெச்சு எண்ணினா. முப்பத்தெட்டு தலை. கீழே வாழ்த்துச் சொல்லியிருந்த பேரையெல்லாம் புடிச்சு, ஒருத்தர்கிட்ட இன்னொருத்தர் நம்பரை வாங்கி, மூணு வாரம் சலிக்காம பேசினா. யார்கிட்டயும் பேசாத வாய்! வேலை கிடைச்சதா, என்ன வேலை, இன்னும் அங்கேயே இருக்கீங்களான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டா. போனை எடுக்காதவங்களை 'தெரியாது'ன்னு தனியா எழுதினா.

விட்டுப்போன இருபத்துநாலு பேர்ல ஒன்பது பேர் பேசினாங்க. ஒருத்தருக்கும் இன்ஸ்டிட்யூட் வேலை வாங்கித் தரலை. சுவத்துல தொங்கின பதினாலு பேர்ல நாலு பேர் உண்மையாவே பில்லிங் வேலையில இருந்தாங்க. ரெண்டு பேர் ரெண்டே மாசத்துல வெளிய வந்துட்டாங்க. நாலு பேருக்கு அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குள்ளேயே வேலை, புது ஆள் பிடிக்கறது. மூணு பேர் எடுக்கலை. கடைசியா ஒரு நம்பர் மிச்சம்.

மடிச்ச ஷீட் அடுக்கு மேல போனை வெச்சு, ஸ்பீக்கர்ல போட்டா.

"ஹலோ?"

அந்த ஒரு வார்த்தையிலேயே எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. தினம் சாப்பிட்டீங்களான்னு கேக்கற அதே குரல்.

"நான்தாம்மா"ன்னா கணக்கு. "நீ போன பேட்ச்சா?"

"ஆமாக்கா. அந்தச் சுவத்துல மூணாவது போட்டோ நான்தான்"னுது. "அக்கா, நீங்க சேர்ந்தீங்கன்னா என் வேலை நிலைக்கும். இந்த மாசம் இன்னும் ஒருத்தர்கூட சேரலை."

நானா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அவ, "நீ சாப்பிட்டியாம்மா?"ன்னா. அது அழுதுடுச்சு. இவ கண்ணும் கலங்கிடுச்சு. கடைசியில, "சேரலைம்மா, என்னை மன்னிச்சுக்கோ"ன்னு வெச்சுட்டா. கடிதத்தை நாலா கிழிச்சுக் குப்பையில போட்டா.

அப்புறம் போன் வரலை. சாப்பாட்டு நேரத்துல போனை எதிர்ல வெச்சுக்கிட்டு உட்காருவா, சோறு ஆறிடும். "தப்பிச்சேடி, சந்தோஷப்படு"ன்னு திட்டினேன். "தப்பிச்சேன்தான்"னா.

ஒரு மாசம் கழிச்சுப் பொறுக்காம அந்தப் பொண்ணோட நம்பருக்கு அடிச்சா. உபயோகத்துல இல்லை. இன்ஸ்டிட்யூட் நம்பருக்கே போட்டா. வேற ஒரு பொண்ணு எடுத்துது.

"சொல்லுங்கக்கா, சாப்பிட்டீங்களா?"

அதே இழுவை, அதே கனிவு. கணக்கு என்னை ஒரு பார்வை பார்த்தா.

"சாப்பிட்டேம்மா"ன்னா. "நீ எந்த பேட்ச்?"