ஐம்பதா, நாற்பத்தைந்தா

நகரியில் விசைத்தறி ஓட்டும் ஸ்வர்ணலதாவுக்கு மார்ஃபான் என்ற பரம்பரை நோய். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடிப்பகுதி மெல்ல விரியும். கிழிந்தால் உயிர் போகும். அதனால் தினமும் ரத்த அழுத்த மாத்திரை, ஆண்டுதோறும் எக்கோ என்ற இதய ஸ்கேன்.

இந்த முறை திருப்பதியில் புது டாக்டர் பிரமிளா பார்த்தார். "போன வருஷம் நாப்பத்திநாலு மில்லிமீட்டர், இப்ப நாப்பத்தாறு. அம்பது வந்தா ஆபரேஷன். வீட்ல யாருக்காவது கிழிஞ்சிருக்கா?"

"எங்க அண்ணனுக்கு மேடம். சித்தப்பா இன்னும் சாமி குத்தம்னு சொல்லிக்கினு இருக்காரு."

மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணன் கிஷோர் தறியருகே சுருண்டு விழுந்து செத்தபோது, உடம்பை அறுக்கக் கூடாதென்று உறவுக்காரர்கள் மறித்தார்கள். "அப்ப சாமிகிட்டயே ரிப்போர்ட் வாங்கிக்கினு வாங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, பிரேதப் பரிசோதனை வேண்டுமென்று போலீசில் எழுதிக் கொடுத்தவள் இவள்தான். பெருந்தமனி கிழிந்ததுதான் காரணம் என்று சொன்ன அந்த அறிக்கையை இப்போது மேசைமேல் வைத்தாள்.

பிரமிளா இருமுறை படித்தார். "குடும்பத்துல கிழிஞ்சிருந்தா நாப்பத்தஞ்சுலயே ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும்மா. நீங்க அதைத் தாண்டிட்டீங்க. சர்ஜனை இன்னிக்கே பார்த்துடலாம். அண்ணனுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"அவளுக்கும் எக்கோ எடுக்கணும்."

ஸ்வர்ணலதா அங்கிருந்தே அண்ணிக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா பரிகாரம் பண்ணலாம்ன்றாரு" என்றாள் அண்ணி.

"அவர் பண்ணிக்கினு இருக்கட்டும். நீ பாப்பாவைக் கூட்டிக்கினு நாளைக்கே பஸ் ஏறு."