பதிவுக் கொப்பி போன மத்தியானம்

கொட்டாஞ்சேனையில் தள்ளுவண்டியில் வடை விற்றேன். வண்டி ஒரு சாப்பாட்டுக் கடையானது. கலவரத்தில் கடை எரிந்தது, திரும்பக் கட்டினேன். பிறகு வெள்ளவத்தையில் மூன்று மாடி லொட்ஜ். படித்தது ஐந்தாம் வகுப்பு. எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் லொட்ஜில் தங்குகிற தமிழரின் விபரமெல்லாம் பொலிஸ் பார்ப்பதற்கான பதிவுக் கொப்பியில் இருக்க வேண்டும், அதன் ஒரு பிரதி ஸ்டேஷனிலும். ஒரு காலை பொலிஸ்காரர் வந்து அதைக் கொண்டுபோனார். ஸ்டேஷன் பிரதியில் இரண்டு பக்கம் மங்கலாக இருக்கிறதாம், போட்டோ கொப்பி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம். இதைத் தங்கியிருந்தவர்களுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் படிக்கட்டு முழுக்கப் பைகள். எல்லார் போனிலும் ஒரே மெசேஜ்: "லொட்ஜில இருக்கிற ஆளே சொன்னது. பொலிஸ் ஆக்களைத் தேடுது. பின்னேரம் வந்து பிடிக்கும்."

முப்பது பேர் பையோடு சந்தியில் இறங்கினால் செக் பொயின்டில் சும்மா விடுவார்களா? ஓடுகிறார்கள் என்றே பிடிப்பார்கள். வாசலில் குறுக்கே நின்றேன்.

"பிடிக்கிறதெண்டால் முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்கள். கொஞ்சம் பொறுங்கோ. இதை ஆர் அனுப்பினது?"

விசாவுக்குக் காத்திருந்த டீச்சர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அனுப்பியவருக்கும் அவருக்கு அனுப்பியவருக்குமாகப் பின்னோக்கிப் போன் கோல் எடுத்தேன். தங்களுக்கு வந்ததையும் தாங்கள் அனுப்பியதையும் அவர்கள் வாசிக்க, டீச்சர் எழுதினார்.

கடைசியில் வந்து நின்றது என்னுடைய லொட்ஜிலேயே மேல்மாடியில் தங்கியிருந்தவரிடம். அவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தன் மாமாவுக்கு அனுப்பியது, பொலிஸ் கொப்பியைக் கொண்டுபோனது, ஏனென்று தெரியாது என்பது மட்டும். மாமா, ஆட்களைத் தேடுகிறார்கள் போல என்று தன் ஊகத்தைச் சேர்த்தார். மட்டக்குளியில் இருந்த உறவுக்காரர் நீளம் குறைக்கக் கொப்பிக் கதையையும் அந்தப் 'போல'வையும் வெட்டினார். அடுத்தவர், பின்னேரத்துக்கு முன் வெளிக்கிடச் சொல்லி நல்ல புத்தி சொன்னார். அதற்கு அடுத்தவர் அந்தப் பின்னேரத்தைப் பொலிஸ் வரும் நேரமாக்கினார். கடைசி ஆள், சனம் நம்பட்டும் என்று லொட்ஜில் இருக்கிறவரே சொன்னதாக மெசேஜின் தலையில் போட்டார். உண்மையில் லொட்ஜில் இருக்கிறவர் சொன்னது, கொப்பி போனதை மட்டும்தான்.

ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றுதான்: "நான் ஒண்டும் கூட்டேல்லை அண்ணை, வந்ததைத்தான் அனுப்பினனான்."

மேல்மாடிக்காரரும் பை கட்டியிருந்தார். தான் விட்டதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

நேரே ஸ்டேஷனுக்குப் போய்க் கொப்பியை வாங்கிவந்து படிக்கட்டில் விரித்தேன். அந்த இரண்டு பக்கங்களை நகலெடுத்ததில் மிஞ்சிய தாளும் உள்ளே இருந்தது. அனுப்பிய ஆட்களுக்கே திருத்தத்தையும் அனுப்பச் சொன்னேன். பாதிப் பேர் அனுப்பவில்லை. என்னைப் பிடித்துவிட்டார்களா என்று இரண்டு நாளாகக் கோல் வந்தது. ஆனால் அன்று ஒருவரும் சந்திக்கு இறங்கவில்லை.

இப்போது வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலரில், சங்கம் தலையிட்டு அன்றைய பதற்றத்தைத் தணித்ததாம். அன்று சங்கத்திலிருந்து ஒரு போன் கூட வரவில்லை. டீச்சர் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது, மலர் போடுகிறவர்களே, வந்து பாருங்கள். அடுத்த மலரில், வாசலில் நின்றவன் நான் என்று என் பெயரைப் போட்டு அச்சடியுங்கள்.